இன்னொரு நாயின் புற்றுநோய்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு கொஞ்சம் கூச்சமானது. நாய்களுக்கு இனச்சேர்க்கை வழியாகப் பரவும் ஒரு புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகிறேன். 'பால்வினை' என்றதும் ஒரு முகச்சுளிப்பு, 'புற்று' என்றதும் ஒரு பயம். இந்த இரண்டும் சேர்ந்துதான் குணமாகியிருக்க வேண்டிய பல நாய்களைத் தெருவில் விடவும், ஊசி போட்டு உயிரை எடுத்துவிடவும் வைக்கின்றன. அதனால் கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம்.

எங்கள் நிகழ்ச்சிக்காக ஒரு நாயின் சிகிச்சையை முதல் நாளிலிருந்து கடைசி ஊசி வரை பின்தொடர்ந்தோம். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு குடும்பம், தாமானில் திரிந்த பெண் நாய் ஒன்றை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. பெயர் கறுப்பி. வயது நான்கு இருக்கலாம், எடை 15 கிலோ. வந்த நாளிலிருந்து பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம். 'பருவத்துக்கு வந்திருக்கிறது, தானாக நின்றுவிடும்' என்று வீட்டார் இருந்துவிட்டார்கள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, நிற்கவில்லை. முதலில் பார்த்த மருந்தகத்தில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். அதிலும் நிற்கவில்லை.

இந்த இடத்தை நாய் வளர்க்கும் நேயர்கள் கவனிக்க வேண்டும். பருவ காலத்து ரத்தம் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். அதற்கு மேலும் தொடர்ந்தாலோ, கருத்தடை செய்த பெண் நாய்க்கு ரத்தம் வந்தாலோ, ஆண் நாயின் குறி உறையிலிருந்து ரத்தம் சொட்டினாலோ, காரணம் வேறு. அதைத் தேடியாக வேண்டும்.

கறுப்பியின் காரணம், இரண்டாவதாகப் பார்த்த கால்நடை மருத்துவர் கையுறை போட்டு உள்ளே பார்த்ததும் தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. பூக்கோசு போல மேடும் பள்ளமுமாக, சிவந்து, தொட்டாலே உதிர்ந்து ரத்தம் கசிந்தது. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு சொல்லவில்லை. மற்றக் கட்டிகளும் இப்படித் தோன்றலாம். மருந்தும் விளையாட்டான மருந்து அல்ல.

அதை உறுதிப்படுத்தும் பரிசோதனைதான் உயிரணுப் பரிசோதனை. சைட்டாலஜி என்பார்கள். பெயர்தான் பெரிது, வேலை எளிது. கட்டியின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை மெல்ல ஒற்றி எடுக்கிறார்கள். காயவைத்து, சாயத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. ஆனால் கறுப்பியின் முதல் தகட்டில் ரத்தமும் சீழணுக்களும் கிருமிகளும்தான் தெரிந்தன. 'இதை வைத்துச் சொன்னால் வெறும் புண் என்றுதான் சொல்ல வேண்டும்' என்றார் மருத்துவர். கட்டியின் மேற்பரப்பு அழுகி, கிருமி சேர்ந்து கிடக்கும். அங்கே ஒற்றினால் அழுக்குத்தான் வரும். உப்பு நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அடியில் இருக்கும் புதுத் தசையில் மறுபடியும் தகட்டை ஒற்றினார். இந்த முறை கிடைத்தது.

என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான பெரிய உயிரணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. நடுவில் உருண்டையான கரு. அதற்குள் புள்ளி வைத்தாற்போல் ஒன்றிரண்டு கருமணிகள். கருவைச் சுற்றி வெளிறிய நீலம். அந்த நீலத்தில்தான் அடையாளம் இருக்கிறது. ஊசியால் குத்தியது போன்ற சின்னஞ்சிறு வெண்குமிழ்கள் பல, மணி கோத்ததுபோல் வரிசையாக நின்றன. அங்கங்கே சில உயிரணுக்கள் இரண்டாகப் பிரியும் நிலையிலேயே அகப்பட்டிருந்தன. வட்ட உயிரணுக் கட்டிகள் நாய்களுக்கு வேறு சிலவும் உண்டு. நிணநீர்ப் புற்று அவற்றில் ஒன்று. ஆனால் பிறப்புறுப்பில் இருக்கும் கட்டியில் இந்தக் குமிழ் வரிசையும் இருந்தால் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டி மூக்கிலோ தோலிலோ மட்டும் இருந்தால்தான் சிக்கல். அப்போது ஒரு துண்டுச் சதையை வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டி வரும். மூக்கில் எப்படி வரும் என்று கேட்பீர்கள். நாய் மோந்து பார்க்கும், நக்கும். அந்த வழியிலும் இது ஒட்டிக்கொள்ளும். தும்மலும் ஒரு பக்க மூக்கிலிருந்து வடியும் ரத்தமும்தான் அங்கே முதல் அறிகுறி.

சரி, ஒட்டிக்கொள்வது எது? கிருமி அல்ல. இந்த நோயின் விநோதமே இதுதான். பரவுவது புற்று உயிரணுவேதான். ஒரு நாயின் கட்டியிலிருந்து உதிர்ந்த உயிருள்ள அணுக்கள் அடுத்த நாயின் உடலில் நாற்றுப் போல வேர்விடுகின்றன. நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் 1876-ஆம் ஆண்டிலேயே ஒரு நாயின் கட்டித் துண்டை இன்னொரு நாயில் ஒட்டவைத்து வளர்த்துக் காட்டினார். 2006-இல் லண்டன் ஆய்வாளர்கள் இத்தாலி, இந்தியா, கென்யா நாடுகளின் நாய்களிடமிருந்து எடுத்த கட்டிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். கட்டியின் மரபணு, அதைச் சுமக்கும் நாயின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. இவை அனைத்தும் ஒரே ஒரு நாயிடம் தொடங்கிய புற்று. 2019-இல் வந்த ஆய்வின் கணக்குப்படி அந்த நாய் ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நாய் செத்து மண்ணாகிவிட்டது. அதன் புற்று உடல் விட்டு உடல் மாறி, இன்று கிள்ளானில் ஒரு கறுப்பியிடம் வந்து நிற்கிறது.

கறுப்பிக்கு ஏன் நம்பிக்கை இருந்தது என்பதற்கு விடையும் இதிலேயே உள்ளது. சாதாரணப் புற்று நம் சொந்த உயிரணு கெட்டுப்போவதால் வருவது. உடலின் காவல் படை அதைத் தன்னவன் என்று நினைத்து விட்டுவிடுகிறது. கறுப்பியின் கட்டியோ அந்நியன். முறைப்படி பார்த்தால் உடல் அதை அன்றைக்கே விரட்டியிருக்க வேண்டும். தன்னை இன்னார் என்று காட்டும் அடையாளச் சின்னங்களை மேற்பரப்பில் காட்டாமல் மறைத்துக்கொண்டுதான் இந்தப் புற்று தப்பிக்கிறது. சில நாய்களில் உடலே விழித்துக்கொண்டு கட்டியைத் தானாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அதை நம்பிக் காத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். நம் வீட்டு முற்றத்திலும் கோயில் ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுப்பது. (அதற்காக யாரும் இலையைக் கொதிக்கவைத்து நாய்க்கு ஊற்றிவிடாதீர்கள். அது விஷம்.) உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் போன்ற இழைகள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுக்க வேண்டும். இந்த மருந்து அந்த இழைகளை உருவாக விடாது. பிரிய முடியாமல் நடுவழியில் மாட்டிக்கொண்ட உயிரணு சாகிறது. அணுக்கள் சாகும்போது அங்கே அழற்சி உண்டாகிறது, மறைந்திருந்த அந்நியன் காட்டிக்கொடுக்கப்படுகிறான், காவல் படை உள்ளே நுழைகிறது. சிகிச்சையின்போதே கட்டியிலிருந்து பல தடவை சதை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. முதலில் அழற்சி, பிறகு எதிர்ப்பு அணுக்களின் படையெடுப்பு என்ற அந்த வரிசை அதில் தெரிந்தது. மருந்து பாதி வேலை செய்கிறது, மீதியை நாயின் உடல் முடிக்கிறது. பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் குணமாவது இதனால்தான். அறுவை செய்து மட்டும் எடுத்தால் கட்டி திரும்ப வருவது சாதாரணம்.

கறுப்பிக்கு வாரம் ஒரு ஊசி. அளவு எடைப்படி அல்ல, உடலின் பரப்பளவுப்படி. 15 கிலோ நாய்க்குப் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்றால் ஒரு தடவைக்கு 0.4 மில்லிகிராம் சொச்சம். ஊசிக்குழாயில் அரை மில்லிகூட வராது. ஆனால் அந்தத் துளி ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அங்கே சதை வெந்து கழன்றுவிடும். அதனால் ஊசி போடுவதற்கு முன் குழாய் சரியாக உள்ளே இருக்கிறதா என்று மருத்துவர் உப்பு நீரைச் செலுத்தி இரண்டு முறை பார்த்தார்.

ஒரே வாரத்தில் கட்டி பாதியாயிற்று. மூன்றாவது ஊசிக்கு வந்தபோது ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு 3,200 என்று வந்தது. இது 4,000-க்குக் கீழே இருந்தால் ஊசி போடுவதில்லை. மருந்து புற்றை மட்டும் தேடிப் பிடிப்பதல்ல, எலும்பு மச்சையில் வேகமாகப் பிரியும் அணுக்களையும் தாக்கும். நான்கு நாள் தள்ளிப்போட்டு, அளவைக் கால் பங்கு குறைத்துப் போட்டார்கள். இடையில் இரண்டு நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது கறுப்பி. அவ்வளவுதான். முடி கொட்டவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பின் கட்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டு அம்மா கேட்டார்: "டாக்டர், ரத்தம் நின்னுடுச்சே, இன்னும் ஊசி எதுக்கு? புள்ள பாவம்." மருத்துவர் சொன்னார்: "நின்னது ரத்தம்தாம்மா. உள்ள நாலு அணு மிச்சம் இருந்தாலும் மறுபடியும் முளைக்கும். அப்ப இதே மருந்துக்கு அது அடங்காமப் போகலாம். கட்டி மறைஞ்சதுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு போட்டுடுவோம்." அந்த அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிடும் வீடுகள் பல உண்டு என்று மருத்துவர் பிறகு என்னிடம் சொன்னார். அப்படித் திரும்பி வரும் கட்டிக்கு டாக்சோரூபிசின் என்ற இன்னொரு மருந்தையோ கதிர்வீச்சையோ நாட வேண்டும். செலவும் கூடும், பக்கவிளைவும் கூடும். கண்ணிலோ மூளையிலோ பரவிவிட்ட அரிதான நாய்களுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய நாய்களுக்கும் வின்கிறிஸ்டின் மட்டும் போதாமல் போகலாம். கோலி இன நாய் வைத்திருப்பவர்கள் ஊசிக்கு முன்பே இனத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த இனத்தில் பலவற்றுக்கு மரபிலேயே இம்மருந்து தாங்காது.

ஐந்து ஊசியோடு கறுப்பியின் சிகிச்சை முடிந்தது. வெள்ளணு சரியானதும் கருத்தடையும் செய்தார்கள். ஊசி போட்ட பின் சில நாள்களுக்கு மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். கையுறை போட்டுத்தான் கழுவ வேண்டும். அந்த வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்ததால் அவரை அந்த வேலை பக்கமே விடவில்லை.

நோய் மனிதருக்கு வருமா என்று அரங்கில் ஓர் ஐயா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வராது, ஐயா. பக்கத்துத் தெரு நாய்க்கு வரும். கறுப்பியோடு திரிந்த ஆண் நாய் ஒன்று இன்னும் அந்தத் தாமானில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பம் சோறு வைத்துப் பழக்கி, அதையும் பரிசோதனைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. கழுத்தில் கயிறு போட மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறதாம்.