இரண்டு பாத்தி, ஒரு தராசு



மண்டபம், வேதாளை, பாம்பன் கரைகளில் பெண்கள் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறார்கள். நட்ட பாசி ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். அதைப் பச்சையாக அரைத்து வடித்தால் கிடைக்கும் சாற்றைப் பயிருக்குத் தெளிக்கலாம் என்பதை மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து சொன்னது. மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமே இருக்கிறது. ஆனால் கடற்கரையில் பிறந்த இந்தச் சாறு, சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் முண்டு மிளகாய்க் காட்டுக்குப் போய்ச் சேர்வது எளிதாக இல்லை. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாந்த விவசாயி, அடுத்த பாட்டிலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அந்தச் சந்தேகத்தைப் போக்க ஒரு வழி ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. 2006-இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் நிறுவனத்தில் ரிக்கின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன் முயற்சியில், கர்நாடகக் கிராமத்து விவசாயிகளே தங்கள் வயலில் நின்று பேசினார்கள். அந்த வீடியோவை ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் போட்டு, இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார். வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டபோது, புது முறையைக் கைக்கொண்டவர்கள் சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று ஆய்வு காட்டியது. பேசுகிறவர் நம்மைப் போன்றவர், நிற்கிற மண்ணும் நம் மண் என்று தெரிந்ததும் மக்கள் காது கொடுக்கிறார்கள்.

ஆகவே இராமநாதபுரத்துக்கு வேண்டியது மூன்று நிமிட வீடியோ. அதில் புகழ்ச்சி வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். மிளகாய்க் காட்டில் ஒரே நாளில், ஒரே விதையில் வளர்ந்த இரண்டு பாத்திகள் போதும். ஒன்றில் 10 லிட்டர் டேங்கில் 500 மில்லி சாறு கலந்து தெளிக்க வேண்டும். இது ஆய்வுகளில் சோதித்த 5 சதவீத அளவு. கடையில் வாங்கும் செறிவான சாறு என்றால் லேபிளில் உள்ள அளவுதான் சரி. மற்றதில் வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவும் அதே அளவு. மானாவாரிப் பயிருக்கு இலை நனைவதே ஓரளவு உதவும். வறண்டு கிடக்கும் பாத்தியோடு ஒப்பிட்டால் தண்ணீர் செய்த வேலையும் சாற்றின் பெயரில் போய்விடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும். இப்பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகள் உவர்ப்பு. உப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் இலை ஓரம் கருகும், பழி சாற்றின் மீது விழும். ஊருணித் தண்ணீரில் கலந்து, வெயில் தணிந்த மாலையில் அடித்தால் அந்தக் குழப்பம் வராது. காற்றில் சாரல் பக்கத்துப் பாத்திக்குப் போகாமல் நடுவே இரண்டு வரிசையை விட்டுவிட வேண்டும்.

இனி தராசு. செடி பச்சைப் பசேலென்று இருப்பதை மட்டும் காட்டினால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பறிப்பு பல முறை வரும். ஒரு பறிப்பை எடைபோட்டுவிட்டு முடிவு சொல்லக் கூடாது. காய்ந்த வற்றலாக எல்லாப் பறிப்பையும் சேர்த்து நிறுக்க வேண்டும். அதுவும் கண்மாய்ப் பக்கம், நடுக்காடு, மேட்டு நிலம் என மூன்று இடத்தில், இடத்துக்கு இரண்டு பாத்தி வைத்து.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் பாத்திகளில், தண்ணீர் அடித்தவை 3.2, 2.9, 3.5 கிலோவும், சாறு அடித்தவை 3.6, 3.4, 3.4 கிலோவும் தந்ததாக வைத்துக்கொள்வோம். மேட்டு நிலத்தில் சாறு தோற்றிருக்கிறது. அந்தக் காட்சியை வெட்டாமல் போட வேண்டும். மொத்த வித்தியாசம் மூன்று சென்டுக்கு 0.8 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 27 கிலோ. இதன் விலையிலிருந்து சாற்றுச் செலவையும் தெளிப்புக் கூலியையும் கழித்து, மிஞ்சுவதை விவசாயியே தன் வாயால் சொல்ல வேண்டும்.

கூடவே ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் சாற்றில் பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. ஆனால் தொழு உரம் செய்யும் வேலையை இது செய்யாது. 2021-இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பயிர் ஊக்கிகளைத் தனி வகையாகவே சேர்த்தது. கடற்பாசிச் சாறும் அந்த வகைதான். அடியுரம் போடாமல் சாறு மட்டும் அடித்தவர் கைநஷ்டப்பட்டால், அடுத்த வீடியோவை ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள். எனவே இரண்டு பாத்திக்கும் விவசாயி எவ்வளவு தொழு உரம் இட்டார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசியில் மிளகாய் விதைப்பு தொடங்குகிறது. கையில் போன் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போதே இரண்டிரண்டு விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு பாத்தி அளந்து குச்சி ஊன்றட்டும். விதைத்த தேதி, தண்ணீர் எடுத்த இடம், தெளித்த நாள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, முதல் காட்சியை அன்றே எடுத்து வைத்தால், கடைசிப் பறிப்பு முடிந்ததும் வீடியோ தயாராகிவிடும்.