இரட்டிக்கும் காலம்

இலங்கையின் குடித்தொகை 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் குடிசன மதிப்பின்படி 66.57 இலட்சம். ஏழாண்டுகள் கழித்து, 1953ஆம் ஆண்டு மார்ச்சில், அது 80.98 இலட்சமாயிற்று. இவ்வாறே பெருகினால், முதலிலிருந்த தொகை இரட்டிப்பதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும்?

ஏழாண்டுகளிற் கூடியது 14.41 இலட்சம், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2.06 இலட்சம், ஆகவே 32 ஆண்டுகள் செல்லும் என்று ஒருவர் விடை கூறலாம். இவ்விடை பொருந்தாது. புதிதாய்ப் பிறந்தோரும் வளர்ந்து மக்களைப் பெறுவர். தொகை பெருகப் பெருக, ஆண்டுதோறுங் கூடுந் தொகையும் பெருகும். எந்தக் கணத்திலும் பெருகும் வீதம் அக்கணத்திலுள்ள தொகைக்கு விகிதசமமானது. நுண்கணிதம் இதனை, தொகையின் வகையீட்டுக் குணகம் தொகையை ஒரு மாறிலியாற் பெருக்கியதற்குச் சமம் என்று கூறும்:

dN/dt = kN

இச்சமன்பாட்டைத் தீர்த்தால் வருவது N = N₀eᵏᵗ என்பதாகும். இங்கே N₀ தொடக்கத் தொகை. t கழிந்த காலம். e என்பது ஏறத்தாழ 2.718 ஆகிய எண்.

இனி k என்னும் மாறிலியைக் காண்போம். 80.98ஐ 66.57ஆல் வகுக்க 1.216 வரும். அதன் இயற்கை மடக்கை 0.196. அதனை ஏழாண்டுகளால் வகுக்க, k = 0.028 ஆகும். தொகை இரட்டிக்கும்போது eᵏᵗ இரண்டாகும். இரண்டின் இயற்கை மடக்கை 0.693. எனவே இரட்டிக்குங் காலம் 0.693ஐ 0.028ஆல் வகுத்ததாகும், அஃதாவது 24¾ ஆண்டுகள். தொடக்கத் தொகை எவ்வளவாயினும் இக்காலம் மாறாது என்பது கருதத்தக்கது.

இக்கணக்கின்படி 1970ஆம் ஆண்டின் இறுதியிலே 133 இலட்சம் மக்கள் இருத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டு மதிப்பிற் காணப்பட்டோர் ஏறக்குறைய 127 இலட்சம். அடுத்த இரட்டிப்பு 1995ஆம் ஆண்டளவில் 266 இலட்சத்தைத் தந்திருக்கும். ஆனால் 2012ஆம் ஆண்டிலும் ஏறக்குறைய 204 இலட்சமே காணப்பட்டது.

பிழைத்தது சமன்பாடன்று, k மாறாது என்ற எண்ணமே பிழைத்தது. மலேரியா ஒழிப்பும் சுகாதார வசதிகளும் பெருகிய அக்காலத்தில், ஆயிரவர்க்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1946க்கும் 1947க்குமிடையில் 14 ஆக வீழ்ந்தது. பிறப்பு வீதமோ உயர்ந்தே நின்றது. அதனால் k பெரிதாயிற்று. பின்னர்ப் பிறப்பு வீதமுந் தாழவே, k சிறுத்தது.

தேய்விலும் இதே சமன்பாடு செல்லும். k மட்டும் எதிர்க்குறி பெறும். தைரொயிட்டுச் சுரப்பி நோய்க்கு வழங்கும் அயடீன் 131 எட்டு நாளிற் பாதியாகும். பதினாறு நாளில் முற்றாக அழிந்துவிடாது, காற்பங்கு எஞ்சும். இருபத்துநான்கு நாளில் அரைக்காற்பங்கு எஞ்சும். வெப்பத்தாலோ அமுக்கத்தாலோ இவ்வீதம் மாறுவதில்லை. ஆதலின் அணுக்களுக்கு இட்ட கணக்குப் பொய்ப்பதில்லை. மக்கட்டொகைக்கு இடும் கணக்கோ, பிறப்பும் இறப்பும் பழைய வீதத்தில் நிற்கும்வரையே செல்லும். இரட்டிக்குங் காலத்தைக் கேட்போர், அந்த k எவ்வாண்டுகளிலிருந்து பெறப்பட்டது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.