பழைய எஸ்பிரசோ இயந்திரம்: விலையைக் கேட்பதற்கு முன் நீர்மட்டத்தைப் பாருங்கள்



நம் ஊரில் கோப்பி என்றால் துணிப்பையில் வடித்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஆற்றித் தருவதுதான் வழக்கம். அதற்கு இயந்திரம் தேவையில்லை. இப்போது பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் சரி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சரி, தோசைக்கடைக்கு வரும் பிள்ளைகள் லாத்தே இருக்கிறதா, கப்புச்சினோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கடைக்காரர்களும் இரட்டைத் தலை எஸ்பிரசோ இயந்திரம் ஒன்று இரண்டாங்கையாகக் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். மூடிய கடைகளிலிருந்து அவை விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

கிள்ளானில் குடும்ப உணவகம் நடத்தும் தம்பி ஒருவர் அப்படி ஓர் இயந்திரத்தைப் பார்க்கப் போனபோது, அவரோடும் அவர் அழைத்து வந்த பழுது பார்ப்பவரோடும் நானும் போயிருந்தேன். இயந்திரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கேட்ட விலை 7,500 வெள்ளி. அதே தரத்தில் புதியது 16,000 வெள்ளி என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். பாதிக்கும் குறைந்த விலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இன்று நான் சொல்லப் போவது பெரும்பாலும் அந்த ஒரு பிற்பகலில் பார்த்ததும், பிறகு அதை வைத்துப் போட்ட கணக்கும்தான்.

முதலில் இந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1961இல் இத்தாலியின் ஃபாயெமா நிறுவனம் இ61 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வைத்து அதற்கு அப்படிப் பெயரிட்டார்கள். கைப்பிடியை இழுத்து அழுத்தம் கொடுத்த காலம் போய், மின்பம்பு அழுத்தம் கொடுக்கும் முறையை அதுதான் பரப்பியது. இன்று கடைகளில் இருக்கும் பல இயந்திரங்கள் அதே வழியில் வந்தவை. நடுவில் ஒரு பாய்லர். அதில் பாதிக்கு மேல் நீர், மீதி நீராவி. அதன் அழுத்தம் 1 பாருக்குச் சற்று மேலே இருக்கும், சூடு 120 பாகையைத் தாண்டும். பாலை நுரைக்க வைப்பது இந்த ஆவிதான். ஆனால் கோப்பிக்குப் போகும் நீர் இந்த நீரல்ல. பாய்லருக்குள் ஒரு மெல்லிய செம்புக் குழாய் ஊடுருவிப் போகிறது. பம்பு புதிய நீரை 9 பார் அழுத்தத்தில் அந்தக் குழாய் வழியே தள்ளுகிறது. சுற்றியிருக்கும் சூட்டில் குழாய் நீர் கொதிநிலைக்கு அருகே வந்து, கோப்பித்தூள் மேல் விழுகிறது. இதற்கு வெப்பமாற்றுக் குழாய் என்று பெயர். குழாய்க்குள் 9 பார், வெளியே 1 பார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பார்க்கப் போவதற்கு முன் விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். "அண்ணே, நாங்கள் வரும்வரை சுவிட்சைப் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள். குளிர்ந்த இயந்திரம் சூடாவதைப் பார்த்தால்தான் பல உண்மைகள் தெரியும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. தண்ணீரும் மின்சாரமும் இணைக்காமல் "நேற்றுவரை ஓடியது" என்று வாயால் மட்டும் சொன்னால், அதை இரும்புக் கடை விலைக்குத்தான் மதிக்க வேண்டும்.

சுவிட்சைப் போட்டதும் கடையின் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சூடேற்றும் கம்பியில் ஈரமோ விரிசலோ இருக்கலாம். பல மாதங்கள் சும்மா கிடந்த இயந்திரத்தில் இது சகஜம். கம்பியை மாற்றுவது அவ்வளவு பெரிய செலவல்ல, அதனால் மனம் தளர வேண்டாம். பாய்லர் சூடாகும்போது மேலே ஒரு சிறு வால்வு கொஞ்ச நேரம் 'உஸ்' என்று காற்றை வெளியே விட்டுவிட்டுத் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வால்வு தேய்ந்துவிட்டது. இதுவும் மலிவான பொருள். இரட்டைத் தலை இயந்திரம் முழுதாகச் சூடேற அரை மணி நேரம் ஆகலாம். அவசரப்படாதீர்கள். அந்த நேரத்தில் பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச்சு அடித்துப் பாருங்கள். குழாய் இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால், அங்கே நீர் நெடுநாளாகக் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சூடேறிய பிறகு துளையில்லாத வடிகட்டியைக் கைப்பிடியில் போட்டுப் பொருத்தி, பம்பை ஓட விடுங்கள். முள் 9 பாருக்கு ஏறி நிற்க வேண்டும். ஆறிலோ ஏழிலோ நின்றுவிட்டால் பம்பைச் சரிசெய்தால் போதுமா, மாற்றவே வேண்டுமா என்று பழுது பார்ப்பவர் சொல்வார். கைப்பிடியின் விளிம்பில் நீர் வடிந்தால் அது ரப்பர் வளையம், சில வெள்ளியில் முடிந்துவிடும். நிறுத்தியதும் அழுத்தம் சட்டென்று கீழ்த்தட்டில் வடிய வேண்டும். வடியாவிட்டால் அங்குள்ள வால்வில் அடைப்பு. இவையெல்லாம் தேய்மானம்தான். விலையைக் குறைக்கக் காரணமாகச் சொல்லலாம், வாங்காமல் திரும்புவதற்குக் காரணமாகாது.

திரும்புவதற்குரிய காரணம் வேறு. பாய்லரின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் முன்பக்கத்தில் இருக்கும். அதில் நீர் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இனிமேல் ஆவியையும் திறக்காதீர்கள், வெந்நீரையும் பிடிக்காதீர்கள். துளையில்லாத வடிகட்டியோடு 20 விநாடி பம்பை ஓட்டி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். ஒரு தலையில் செய்தாலே போதும், பம்பின் அழுத்தம் பொதுவாக இரண்டு குழாய்க்குமே போகும். பிறகு கோட்டைப் பாருங்கள். நீர் கோட்டிலேயே நின்றால் நல்லது. கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், வரக்கூடாத வழியில் பாய்லருக்குள் நீர் வருகிறது.

அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பாய்லருக்கு நீர் நிரப்பும் தானியங்கி வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், அல்லது வெப்பமாற்றுக் குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். முதலாவது சின்னச் செலவு. இரண்டாவது பாய்லரையே இறக்கும் வேலை. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். நீர் நிரம்பி, ஆவிக் குழாயில் ஆவியோடு நீரும் துப்பும். பிரித்தறிவது எப்படி? நிரப்பும் வால்விலிருந்து பாய்லருக்குப் போகும் குழாயை, இயந்திரம் ஆறிய பிறகு, வால்வுப் பக்கத்தில் கழற்றி, பாய்லருக்குப் போகும் முனையை அடைத்துவிட்டு, மறுபடி பம்பை ஓட்ட வேண்டும். வால்வின் வாயில் நீர் சொட்டினால் குற்றவாளி வால்வு. அங்கே சொட்டாமல் கண்ணாடியில் மட்டம் ஏறினால் குற்றவாளி குழாய். இதை அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும், விற்பவரின் சம்மதமும் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் மாடியில் நீர் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறியது. விற்பவரோ குழாயைக் கழற்ற ஒப்பவில்லை. அவர் பொருள், அவர் உரிமை. ஆனால் அந்த மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. இனி அந்தக் கணக்குக்கு வருவோம். தொகைகள் அந்தத் தம்பிக்குச் சொல்லப்பட்டவை, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

இயந்திரம் 7,500. ரப்பர் வளையங்களும் வால்வுகளும் 450. உட்புறம் சுத்தம் செய்து பொருத்தும் கூலி 900. பம்பு 650. லோரிக் கூலி 300. ஆகமொத்தம் 9,800 வெள்ளி. புதியதோடு ஒப்பிட்டால் 6,200 வெள்ளி மிச்சம். இதுவரை நல்ல பேரம்தான். பாய்லரும் குழாயும் மாற்றக் கூலியோடு 4,300 என்றார் பழுது பார்ப்பவர். உடனே மிச்சம் 1,900 ஆகிவிடுகிறது. அந்த மாடல் உற்பத்தி நின்றுபோனது. அதன் மின்னணுப் பலகை கிடைத்தால் 1,800. அதுவும் போய்விட்டால் மிச்சம் 100 வெள்ளி. அந்த 100 வெள்ளிக்காக உத்தரவாதத்தையும் விட்டு, பொருள் கப்பலில் வரும்வரை கடையில் கோப்பி இல்லாமலும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் சிலர் தண்ணீர் வடிகட்டியையும் மின்கம்பி வேலையையும் சேர்ப்பார்கள். சேர்க்க வேண்டாம், புதிய இயந்திரத்துக்கும் அந்தச் செலவு உண்டு. ஆனால் பணத்தை ஒதுக்கி வையுங்கள். இத்தகைய இயந்திரம் 4 கிலோவாட்டைத் தொடலாம். நம் வீட்டு 13 அம்பியர் பிளக் அதைத் தாங்காது, தனி இணைப்பு வேண்டும்.

"சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்று விற்பவர்கள் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். சில சமயம் நேர்மாறாக நடக்கும். உள்ளே படிந்த சுண்ணாம்பே ஊசித்துளையை அடைத்துக்கொண்டிருக்கும். அமிலம் ஊற்றிக் கரைத்ததும் துளை திறந்துகொள்ளும். நான் சொன்ன கோட்டுச் சோதனையில் தேறிய இயந்திரத்திலும் இது நடக்கலாம் என்பது அந்தச் சோதனையின் எல்லை. அதனால்தான் இயந்திரம் முன்பு எந்தத் தண்ணீரில் ஓடியது என்று கேட்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீர் பெரும்பாலும் ஆற்றுநீர், சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் கிணற்று நீரில் ஓடியது என்றால் எச்சரிக்கை தேவை. கொரியாவிலிருந்து வந்தது என்றால் இன்னும் இரண்டு கேள்விகள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதற்கென்றே செய்த பம்பு மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். குளிர்காலத்தில் நீரை வடிக்காமல் கிடங்கில் வைத்திருந்தால், நீர் உறைந்து அதே செம்புக் குழாயைப் பிளந்திருக்கும்.

தம்பி மாடியிலேயே 3,000 வெள்ளிக்குக் கேட்டார். குழாய் போயிருந்தாலும் மொத்தம் 9,600தான் ஆகும், நட்டமில்லை என்பது அவர் கணக்கு. விற்பவர் 6,000க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, இன்னும் தினமும் ஓடிக்கொண்டிருந்த ஒற்றைத் தலை இயந்திரம் ஒன்றை பெட்டாலிங் ஜெயாவில் வாங்கினார். பேனாவை மறக்காமல் கொண்டுபோயிருந்தார்.