ஒரு பாடம், ஆறு படிகள்

பயிற்சி ஆசிரியர்களே, ‘ஆவியாதல்’ பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஆவியாதல் என்றால் என்ன? இது நினைவுகூர்தல்.
ஈரத்துணி காய்வதை உன் சொற்களில் விளக்கு. இது புரிதல்.
மழைநாளில் சீருடையை எப்படி விரைவாக உலர்த்துவாய்? இது பயன்படுத்துதல்.
ஒரே அளவு தண்ணீர் டம்ளரைவிடத் தட்டில் முதலில் வற்றியது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இது பகுத்தாய்தல்.
தட்டை வெயிலிலும் டம்ளரை நிழலிலும் வைத்திருந்தால் அந்தச் சோதனை சரியா? இது மதிப்பிடுதல்.
காற்றின் பங்கை அறிய நீயே ஒரு சோதனை அமை. இது படைத்தல்.

‘ஏன்’ என்று கேட்டாலே உயர்நிலை வினா என்று முன்பு நானும் நம்பினேன். ஒருமுறை எல்லா விடைத்தாளிலும் ஒரே வாக்கியம் வந்தது. அது நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்பு. நாம் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், எந்த வினாவும் நினைவுகூர்தல்தான்.