மீட்டரும் பில்லும் ஒத்துப்போகிறதா?



பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெரியும் கிலோமீட்டர் எண்ணைத்தான். இன்றைய கார்களில் அந்த எண் ஒரு சிறிய சிப்பில் பதிந்திருக்கிறது. அதற்கான கருவி கையில் இருப்பவர் அதைக் குறைத்து எழுதிவிடலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. ஆனால் அந்த வண்டி போய்வந்த ஒர்க்‌ஷாப்புகளின் கணக்கை அவரால் அவ்வளவு எளிதில் திருத்த முடியாது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

2024-இல் நண்பர் ஒருவருக்காக ஒரு டீசல் கார் பார்க்கப் போயிருந்தேன். 2016 மாடல். மீட்டரில் 58,000 கிலோமீட்டர். விற்பவர் மூன்று சர்வீஸ் பில்களைக் காட்டினார். ஒரு தாளில் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக எழுதினேன். 2017 மே மாதம் 17,000. 2018 மே மாதம் 33,000. 2019 ஜூனில் 51,000. அதற்குப் பிறகு பில்லே இல்லை.

ஆண்டுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல் ஓடிய வண்டி, அடுத்த ஐந்து ஆண்டுகளில் மொத்தமே ஏழாயிரம்தான் ஓடியிருக்கிறதா? "கொரோனாவில் நின்றுவிட்டது, அப்புறம் வெளியே சர்வீஸ் விட்டோம்" என்றார் விற்பவர். அப்படியும் நடக்கலாம். இடைவெளி சந்தேகத்தைத்தான் தரும், சாட்சி ஆகாது.

பானெட்டைத் திறந்தோம். ஆயில் மாற்றியபோது யாரோ ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் உள்ளே இருந்தது. அடுத்த சர்வீஸ் 1,12,000 கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. அதைக் காட்டியதும் உரிமையாளர் எங்களோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வரச் சம்மதித்தார். வண்டி எண்ணைக் கொடுத்ததும் பழைய பதிவுகள் வந்தன. 2021 நவம்பரில் கிளட்ச் மாற்றியிருக்கிறார்கள். அன்றைய ஜாப் கார்டில் இருந்த எண் 94,000. கிலோமீட்டர் கூடத்தான் செய்யும், குறையாது. 94,000 ஓடிய வண்டி 58,000-க்குத் திரும்ப வழியில்லை.

நேர்மையான ஒரு விதிவிலக்கு உண்டு. மீட்டர் பழுதாகிப் புதிது மாட்டினால் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும். அப்போது மீட்டர் மாற்றிய பில்லும், பழைய மீட்டரின் கடைசி எண்ணும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பதிவே கிடைக்காத வண்டி என்றால் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1422 என்றால், 2022-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரான டயர். 2019 மாடல் கார் 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், நான்கு டயரும் 2022 என்றால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அதே கேள்விதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் முழுப் பதிவையும் அச்செடுத்துப் பாருங்கள். அதற்கு வர மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.