ரொக்கச் சம்பளமும் 555 புத்தகமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பீடோரில் மளிகைக்கடை நடத்தும் ஓர் அன்பர் கேள்வி அனுப்பியிருக்கிறார். "என் கடையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மாதக் கடைசியில் ரொக்கமாகவே சம்பளம் கொடுக்கிறேன். கொடுத்த தொகையை 555 புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். இது போதுமா?" என்பதே அவர் கேள்வி.

முதலில் ரொக்கத்தைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, சம்பளம் முழுவதையும் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். இதுதான் பொது விதி. ரொக்கமாகக் கொடுக்கலாம், ஆனால் தொழிலாளியே எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். முதலாளிக்கு வசதி என்பதற்காகக் கொடுக்க முடியாது. ஆகவே அன்பர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொருவரிடமும் தேதியிட்டுக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைப்பது. அந்தக் கோரிக்கையைத் தொழிலாளி பிறகு மீட்டுக்கொள்ளலாம். எழுத்து மூலம் அறிவித்து நான்கு வாரம் கழிந்தால் மீண்டும் வங்கிக்கே போக வேண்டும். வங்கியானாலும் ரொக்கமானாலும், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும்.

எங்கே வைத்துக் கொடுப்பது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ சம்பளம் பட்டுவாடா செய்யக்கூடாது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஆனால் அந்தக் கடையிலேயே வேலை செய்பவருக்கு அங்கே கொடுக்கத் தடையில்லை. எனவே அன்பர் தம் கடையிலேயே கொடுக்கலாம்.

இனி பதிவேடு. 555 புத்தகத்தில் "1,400 கொடுத்தது" என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தொகை எப்படி வந்தது என்பது அதில் தெரியாது. சட்டம் கேட்கும் பதிவேடு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் அவர்: பெயர், அடையாள அட்டை எண், முகவரி, வேலைக்குச் சேர்ந்த நாள். என்ன ஒப்பந்தம்: சம்பள விகிதம், வேலை நேரம், அலவன்ஸ். அந்த மாதம் என்ன நடந்தது: எத்தனை நாள் வேலை, எத்தனை மணி ஓவர்டைம், என்னென்ன பிடித்தம், மீதி எவ்வளவு. பதிவு செய்த நாளிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டுகள் இதைக் காக்க வேண்டும். சம்பள விவரச் சீட்டையும் தொழிலாளிக்குத் தனியே கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊழியரின் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐவருக்கும் குறைவானோர் வேலை செய்யும் கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் இதுவே குறைந்தபட்சச் சம்பளம். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்றால், சட்டம் அனுமதிக்கும் 45 மணி நேரம் சரியாக வருகிறது. 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65.38 ரிங்கிட். அதை ஏழரையால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் ஒரு மணி நேர ஓவர்டைம் ஏறத்தாழ 13.08 ரிங்கிட். பத்து மணி நேரத்துக்கு 130.77 ரிங்கிட். மொத்தம் 1,830.77 ரிங்கிட். ஊழியர் அறுபது வயதுக்குட்பட்ட மலேசியக் குடிமகன் என்றால் இ.பி.எஃப். பிடித்தம் 187 ரிங்கிட். ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். கிடையாது, ஆனால் சொக்சோவுக்கு அதையும் சேர்க்க வேண்டும். முன்பணம் 200 வாங்கியிருந்தால் அதையும் கழிக்கலாம், வட்டி போடக்கூடாது. மீதி 1,443.77 ரிங்கிட். இதிலிருந்து சொக்சோவும் வேலைக் காப்புறுதிச் சந்தாவும் அட்டவணைப்படி கழியும்.

உடைந்த பாட்டிலுக்கும் கல்லாவில் குறைந்த பணத்துக்கும் நீங்களாகப் பிடித்தம் செய்யாதீர்கள். சட்டம் அனுமதித்த பிடித்தங்களில் அவை இல்லை.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவர், "ஓவர்டைம் தரவில்லை" என்று தொழிலாளர் துறையில் புகார் செய்கிறார். விசாரணையில் 555 புத்தகத்தை நீட்டினால், 1,400இல் ஓவர்டைம் அடங்கியதா, முன்பணம் கழிந்ததா என்பதை முதலாளியால் காட்ட முடியாது. கொடுத்த பணத்தையே மறுபடியும் கொடுக்க நேரலாம். பதிவேடு வைக்காததற்குத் தனியே அபராதமும் உண்டு; 2023 ஜனவரி முதல் அது 50,000 ரிங்கிட் வரை போகலாம்.

ஆகவே ரொக்கம் கொடுப்பவர், சம்பளச் சீட்டை இரண்டு பிரதியாக எழுதுங்கள். பணத்தை ஊழியர் எண்ணிப் பார்த்தபின், தேதியைத் தம் கையாலேயே எழுதி உங்கள் பிரதியில் கையொப்பமிடட்டும். மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கையொப்பம் வாங்காதீர்கள். ஒரே பேனா, ஒரே மை என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். சம்பளப் பணத்தை அன்றே வங்கியிலிருந்து எடுத்தால், வங்கி அறிக்கையும் உங்களுக்குச் சாட்சியாகும்.

555 புத்தகம் கடனுக்குச் சாமான் வாங்குவோரின் கணக்கை எழுத இருக்கட்டும். சம்பளத்துக்குத் தனிப் பதிவேடு போடுங்கள்.