சித்தப்பாவுக்கு ஒரு கடன் கடிதம்

கோவையில் முகக் களிம்பு தயாரிக்கும் ஒரு பெண், சித்தப்பாவிடம் 2,40,000 ரூபாய் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது பங்கு அல்ல, கடன் என்பதுதான் முதல் வரி. தயாரிப்பு உரிமத்தின் நகலும் கூடவே போகிறது.

ஆண்டு வட்டி 12 சதவீதம். சரக்கு விற்றுக் காசாக நாளாகும் என்பதால் முதல் 4 மாதம் வட்டி மட்டும், மாதம் 2,400 ரூபாய். பிறகு 24 மாதங்களுக்கு, மாதம் 10,000 ரூபாய் அசலும் மீதிக்கான வட்டியும். முதல் தவணை 12,400 ரூபாய். குறைந்துகொண்டே வந்து கடைசித் தவணை 10,100.

தவணை தவறினால்? உறவுக்குள் பலரும் கூசி விட்டுவிடும் வரி இது. 'அசலை ஒரு மாதம் தள்ளிக் கேட்பேன், வட்டியை நிறுத்தமாட்டேன்' என்று எழுதுகிறார்.

பணம் வங்கி வழியாகத்தான் வரவேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சித்தப்பா என்று தனிச் சலுகை எழுதிவைக்கவில்லை.